616 நாட்களில் தீர்ந்துபோன தினப்படி: ஆள்-மாதமும் மீளளிப்புச் செலவும் குறித்த அனுபவங்கள்

களப்பொறியாளர்:

ஒரு பொது நிறுவனத்தின் குடிநீர்த் திட்டத்திற்கான மேற்பார்வை ஆலோசனைப் பணிக்கு நிதி முன்மொழிவைத் தயாரித்தவன் நான்தான் என்பதால், அதில் செய்த தவற்றையும் நானே எழுதுகிறேன். ஒப்பந்தம் நேர அடிப்படையிலானது, அதாவது வேலை செய்த ஆள்-மாதங்களுக்கேற்ப ஊதியம். எங்கள் குழுவில் மூவர் களத்தில் தங்க வேண்டியிருந்தது: ஒருவர் 12 மாதம், ஒருவர் 10 மாதம், மற்றவர் 6 மாதம், ஆக மொத்தம் 28 களமாதங்கள். ஒரு ஆள்-மாதம் என்பது 22 வேலை நாட்கள் என்று ஒப்பந்தப்புள்ளி ஆவணம் கூறியது. ஊதியப் பக்கத்தில் அதே 22-ஐ வைத்துக் கணக்கிட்டுப் பழகியிருந்த நான், ஆன செலவைத் திரும்பப் பெறும் மீளளிப்புச் செலவுப் பக்கத்திலும் தினப்படி நாட்களை 28-ஐ 22-ஆல் பெருக்கி 616 என்று எழுதிவிட்டேன்.

வேலை வாரநாட்களில் நடந்தாலும், களத்தில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் உறங்குகிறார், அங்கேயேதான் உண்கிறார். மாதத்திற்கு 30 நாள் என்று கொண்டால் 840 நாட்கள் தேவைப்பட்டிருக்கும். 224 நாட்கள் குறைந்துவிட்டன. களமாதங்களில் இருபதைக் கடந்து சில நாட்கள் ஆனபோதே 616-உம் தீர்ந்துவிட, மீதிக் காலத்தின் தினப்படியை எங்கள் நிறுவனம் தன் இலாபத்திலிருந்து கொடுத்தது. விலைப்பட்டியலை அனுப்பும்போதெல்லாம் மொத்தத் தொகையை மட்டுமே பார்த்தேன். எத்தனை நாட்கள் கழிந்தன என்பதை ஒரு தனி வரியில் குறித்து வந்திருந்தால் மூன்றாவது மாதத்திலேயே தெரிந்திருக்கும். உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா, அப்போது என்ன செய்தீர்கள்?

புதியவர்:

ஐயா, இதற்கு எளிய வழி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மீளளிப்புச் செலவுக்கு உச்சவரம்பும் ரசீதும் உண்டு, ஆள்-மாத விகிதத்திற்கு அவை இல்லை. ஆகவே குறையும் தினப்படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து விகிதத்தைச் சற்று உயர்த்திவிட்டால் போதாதா? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கணக்கர்:

தம்பி சொல்வதில் பாதி சரி: நேர அடிப்படையிலான ஒப்பந்தத்தில் ஊதிய விகிதம் நிலையானது, அதற்கு ரசீது கேட்பதில்லை. ஆனால் ஊதியத்திற்கும் உச்சவரம்பு உண்டு. அதைவிட முக்கியமானது, அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கும் தொகை அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பது. ஓர் எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளத்தை 100 அலகு என்று வையுங்கள். சமூகப் பாதுகாப்புச் செலவு சம்பளத்தில் 25 விழுக்காடு, அலுவலக மேல்நிலைச் செலவு 60 விழுக்காடு என்றால் 185 ஆகிறது. அதன்மேல் இலாபம் 10 விழுக்காடு சேர்த்தால் 203.5. அதாவது சம்பளத்தில் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அலகும் விகிதத்தில் இரண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு நாள் தினப்படி 1.5 அலகு என்றால், மாதத்திற்குக் குறையும் 8 நாட்களுக்கு 12 அலகு. அதைச் சம்பளத்தில் சேர்த்தால் விகிதம் 24.4 அலகு உயர்கிறது. 28 மாதங்களுக்கு 684 அலகு ஆகும்; நேராகத் தினப்படியாகக் காட்டியிருந்தால் 336 அலகுதான். விலை மதிப்பீட்டில் உங்கள் போட்டியாளரை நீங்களே முன்னுக்குத் தள்ளிவிட்டதாகவே இது முடியும்.

பெருக்கத்தைக் கணக்கில் கொண்டு 6 அலகு மட்டும் சேர்க்கலாமே என்று கேட்கலாம். அப்போது விகிதப் பிரிப்புப் படிவத்தில் எழுதும் சம்பளமும் அந்த நபரின் சம்பளப் பட்டியலும் வேறுவேறாக இருக்கும். தணிக்கையில் அந்த இரண்டும் அருகருகே வைக்கப்படும்போது நம்மிடம் விடை இருக்காது. அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவது நாம்தானே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேல்நிலைச் செலவுக்குள் தலைமை அலுவலக வாடகை ஏற்கெனவே இருக்கிறது. அதே வாடகையை மீளளிப்பு வரிசையிலும் காட்டினால் அது இரட்டைக் கணக்கு. களத்தில் திறக்கும் தனி அலுவலகத்தின் வாடகையை மட்டுமே அங்கே காட்டலாம்.

அறிக்கை எழுதுபவர்:

எங்களுக்கும் இதே போன்ற இழப்பு வந்தது. இறுதி அறிக்கையை 40 பிரதிகள் அச்சிட்டுத் தரச் சொன்னார்கள். நாங்கள் 10 பிரதிகளுக்குத்தான் செலவு போட்டிருந்தோம். கூடுதல் பிரதிகளை மீளளிப்பாகக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். எங்களுடையது மொத்தத் தொகை ஒப்பந்தம். இதுவும் உச்சவரம்புப் பிரச்சினைதானே?

கணக்கர்:

இல்லை அம்மா, அது வேறு. மொத்தத் தொகை ஒப்பந்தத்தில், பணி விவரத்தில் உள்ள எதற்கும் தனியாக விலை குறிப்பிடாவிட்டால் அது மற்ற விலைகளுக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். அங்கே நாளும் ரசீதும் பேச்சே இல்லை. ஒப்படைக்கும் அறிக்கைக்குத்தான் பணம். பிரதிகளின் எண்ணிக்கை பணி விவரத்தில் இருந்ததா என்பதைப் பாருங்கள். இல்லாமல் பின்னர் கேட்டிருந்தால் நீங்கள் வாதாடலாம்.

மதிப்பீட்டாளர்:

நான் எதிர்ப்பக்கத்தில், ஒரு பொது நிறுவனத்தின் மதிப்பீட்டுக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவள். களப்பொறியாளர் எழுதியதைப் படித்தபோது ஒரு பழைய குற்ற உணர்வு வந்தது, ஏனெனில் இதே தவறு எங்கள் சொந்தச் செலவு மதிப்பீட்டிலும் இருந்தது. மாதிரி ஆவணத்தில் உள்ள 22 நாள் என்பது ஊதியத்திற்கான அலகு. உலக வங்கியின் ஆலோசனைப் பணிகளுக்கான மாதிரி ஆவணமும் ஒரு மாதத்தை 22 வேலை நாட்களாகவும், ஒரு நாளை எட்டு மணி நேரத்திற்குக் குறையாததாகவும் கொள்கிறது. அதை நாங்களும் தங்கும் நாட்களுக்குப் பயன்படுத்தியதால், தவறான முன்மொழிவு எங்கள் மதிப்பீட்டோடு மிக அழகாகப் பொருந்தியது. சரியாக 30 நாட்களுக்குக் கணக்கிட்டவர்தான் எங்களுக்கு விலை கூடியவராகத் தெரிந்தார்.

குழு ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். நேர அடிப்படையிலான ஒப்பந்தத்தில் ஆட்களின் மாதங்களைத் தொழில்நுட்ப முன்மொழிவின் பணியாளர் அட்டவணையோடு ஒப்பிடுவோம். நிதி முன்மொழிவில் 26 மாதம் என்றும் அட்டவணையில் 28 என்றும் இருந்தால் 28-ஐ எடுத்துக்கொண்டு மொத்தத்தைத் திருத்துவோம். ஆனால் தினப்படி நாட்களின் எண்ணிக்கை அந்த அட்டவணையில் இருப்பதில்லை. ஆகவே ஒப்பிட எதுவும் இருக்காது.

பணி நடக்கும்போது தெரியவந்தால், உச்சவரம்பு தீர்வதற்கு முன்பே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். பயன்படாத ஊதிய மாதங்கள் இருந்தால் அந்தத் தொகையை மீளளிப்புக்கு மாற்றும்படி ஒப்பந்தத் திருத்தம் கேட்கலாம். எங்களிடம் ஒருவர் அப்படிக் கேட்டார், நாங்கள் ஒப்புக்கொண்டோம், ஆனால் திருத்தம் கையெழுத்தாக இரண்டு மாதங்கள் ஆயிற்று. உச்சவரம்பு தாண்டிய பின் கேட்டவருக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

களப்பொறியாளர்:

எங்கள் ஒப்பந்தத்தில், உச்சவரம்பின் 80 விழுக்காட்டை அடைந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்ற ஒரு விதி இருந்தது. அதாவது 493-ஆவது நாளில் நான் கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இப்போது நான் கணக்கிடும் விதம் வேறு. களத்தில் தங்கும் ஒவ்வொருவருக்கும் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் குறித்த ஒரு நாட்காட்டி போட்டு, விடுப்பில் வீட்டில் இருக்கும் இரவுகளைக் கழித்துவிட்டு, மீதி இரவுகளை எண்ணுகிறேன். அந்த எண் 840-க்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

எனக்கு இன்னும் ஒரு குழப்பம் உண்டு. பன்னிரண்டு மாதம் ஓரிடத்தில் தங்குபவருக்குத் தினப்படி போடுவதா, வீட்டு வாடகையும் குறைந்த படியும் போடுவதா?

மதிப்பீட்டாளர்:

ஆவணத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரி இருந்தால் வாடகையே மலிவு, எங்களுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் முன்மொழிவுக்கு முந்தைய கேள்வி நேரத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கணக்கர்:

நான் உடன்படவில்லை. வாடகைக்கு ரசீது வேண்டும், முன்பணம் முடங்கும், ஆள் மாறினால் வீடு காலியாக நிற்கும். நிலையான தினப்படிக்கு வருகைப் பதிவு போதும். நான் தினப்படியையே போடுவேன்.