டைப்பிங் வேகம் ஏற எந்தச் செயலி நல்லது? அவசரம்

மணி_அரியலூர்: வணக்கம். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சு வேகம் ஏற்ற நல்ல செயலி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 46 வருகிறது. தமிழில் 12-ஐத் தாண்டவில்லை. தேர்வு நெருங்குகிறது.

வெண்ணிலா: எந்தத் தேர்வு? கைபேசியா, கணினியா? தமிழுக்கு எந்த விசைப்பலகை? இது தெரியாமல் என்ன சொல்வது?

கடலூர்க்காரன்: எதுவாக இருந்தாலும் keybr.com போதும் நண்பரே. எந்த எழுத்தில் விரல் தடுமாறுகிறதோ அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். எனக்கு ‘பி’, ‘வி’ இரண்டும் அதில்தான் சரியாயின. வேறு எதுவும் வேண்டாம்.

பழைய_ரெமிங்டன்: செயலியாம்! டைப்ரைட்டிங் நிலையத்தில் asdfgf ;lkjhj என்று பக்கம் பக்கமாக அடித்தவனுக்கு இந்தக் கேள்வியே வராது. முதலில் ஒரு நிலையத்தில் சேருங்கள், பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

மணி_அரியலூர்: மன்னிக்கவும். கணினிதான். எஸ்.எஸ்.சி. சி.எச்.எஸ்.எல். எழுதுகிறேன். அடுத்து குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்க ஆசை. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன், ammaa என்றால் அம்மா வரும்.

வெண்ணிலா: அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். ஒரே செயலியால் இரண்டும் தீராது.

முதலில் சி.எச்.எஸ்.எல். அங்கே தட்டச்சுச் சோதனைக்குத் தமிழ் கிடையாது, ஆங்கிலம் அல்லது இந்திதான். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் வேண்டும், பத்து நிமிடம் அடிக்க வேண்டும். 46 வருகிறதென்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது எத்தனை விநாடிச் சோதனையில் வந்தது?

மணி_அரியலூர்: monkeytype.com, 30 விநாடி.

வெண்ணிலா: நினைத்தேன். அங்கே முதலில் வருபவை சின்னச் சின்னப் பழகிய சொற்கள். பெரிய எழுத்து, காற்புள்ளி, எண் எதுவும் இல்லை. அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரும் ஓடலாம். நேரத்தை 600 விநாடியாக மாற்றுங்கள். punctuation, numbers இரண்டையும் இயக்குங்கள். அமைப்புகளில் confidence mode என்று ஒன்று இருக்கிறது, அதை max-இல் வையுங்கள். பின்னால் போய் அழிக்கவே முடியாது. தேர்வில் அழிக்க விடுவார்களா என்பது வேறு விஷயம். அழித்து அழித்து அடிக்கும் பழக்கம் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பது இதில்தான் வெளிப்படும். அப்படி அடித்துவிட்டு வரும் எண்ணைச் சொல்லுங்கள்.

தேர்வர்_சேலம்: எனக்கும் இதே கதை. ஆனால் எனக்கு விரலில்தான் வலி. மடிக்கணினியில் அடிக்கலாமா, தனி விசைப்பலகை வாங்கவேண்டுமா? யாராவது மாதிரி சொல்லுங்கள்.

கடலூர்க்காரன்: வெண்ணிலா அக்கா சொல்வது சரிதான், ஆனாலும் keybr.com-ஐ விட்டுவிடாதீர்கள்.

வெண்ணிலா: எழுத்துத் தடுமாற்றத்துக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது தருவது பெரும்பாலும் பொருளில்லாத சொற்கள். தேர்வில் வருவது பத்தி. தலையங்கம் ஒன்றைத் தாளில் அச்செடுத்து பக்கத்தில் வைத்துப் பார்த்து அடியுங்கள். கண் தாளுக்கும் திரைக்கும் போய் வரும்போதுதான் வரி தவறும், அதை எந்தச் செயலியும் காட்டாது. லிப்ரே ஆபிசில் பத்து நிமிடம் அடித்து, இடைவெளி உட்பட எத்தனை எழுத்து என்று பாருங்கள். 1,620 என்றால் ஐந்தால் வகுத்தால் 324 சொல், பத்து நிமிடத்துக்கு வகுத்தால் 32.4. உங்களுக்கு வேண்டியது 1,750 எழுத்து. பிழை தனிக் கணக்கு.

மணி_அரியலூர்: 600 விநாடியில் 31 வந்தது. நான்காவது நிமிடத்திலிருந்து விரல் தடுக்கிவிட்டது. தமிழிலும் max வைத்துப் பார்த்தேன், எல்லாம் சிவப்பாகிவிட்டது. செயலியில் கோளாறா?

வெண்ணிலா: கோளாறில்லை. ஆங்கில எழுத்து முறையில் k அடித்தவுடன் ‘க்’ வரும். அடுத்து a அடித்தால் புள்ளி நீங்கி ‘க’ ஆகும். அந்தப் புள்ளியை எடுக்க உங்கள் எழுதுமென்பொருள் தானே பின்னழிப்பு விசையை அனுப்புகிறது. அதை max தடுத்துவிடுகிறது. தமிழுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

பழைய_ரெமிங்டன்: ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பது தட்டச்சே இல்லை தம்பி. குரூப் 4 தட்டச்சருக்குத் தேர்வாணையம் வேகச் சோதனை வைப்பதில்லை, சான்றிதழ்தான் கேட்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வில் இரண்டு மொழியிலும் ஹையர், இல்லாவிட்டால் ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர். லோயருக்கு 30, ஹையருக்கு 45. இயந்திரத்தில் ‘யளனகபக’ என்று தொடங்கிப் பழகவேண்டும். உங்கள் 12 அங்கே செல்லாது.

வெண்ணிலா: ஐயா சொல்வதில் இந்தப் பகுதி முழுக்கச் சரி. சான்றிதழ் இல்லாமல் செயலியில் 60 வந்தாலும் பயனில்லை. கணினியில் அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் வேண்டும், அதைத் தகுதிகாண் பருவத்துக்குள் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அலுவலக வேலைக்கு தமிழ்99 பழகுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது.

பழைய_ரெமிங்டன்: தமிழ்99 பழகியவன் இயந்திரத்தில் உட்கார்ந்தால் கை ஓடாது. இரண்டையும் கலந்து பழகச் சொல்லிப் பிள்ளையைக் கெடுக்கிறீர்கள்.

கணினி_ஆசிரியர்: ஏன் ஐயா, இரண்டு மொழியில் இரண்டு அமைப்பு பழகுகிறோமே? ‘அக்கா’ எழுத தமிழ்99-இல் அ, க, க, ஆ என நான்கு விசை போதும், புள்ளி தானாக விழுகிறது. இயந்திரத்தில் புள்ளிக்குத் தனி விசை, அதையும் எழுத்துக்கு முன்னால் அடிக்கவேண்டும். வேகம் எதில் கூடும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய_ரெமிங்டன்: வேகம் விரலில் இருக்கிறது, விசையில் இல்லை.

இணுவிலான்: எங்கள் ஊரில் பலரும் பாமினிதான். எழுத்துரு பாமினி என்றால் எந்தச் செயலியும் தேவையில்லை, நேரே அடிக்கலாம்.

கணினி_ஆசிரியர்: அவர் கேட்பது எழுத்துருவை அல்ல. தவிர, பாமினியில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றாமல் இணையப் படிவத்தில் போட்டால் ‘தமிழ்’ என்பது jkpo; என்றுதான் தெரியும்.

இணுவிலான்: மாற்றித் தர இணையத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன.

வெண்ணிலா: சண்டையை விட்டுவிட்டு மணிக்கு வருவோம். தம்பி, இயந்திரத் தேர்வை நிலையத்தில் பழகுங்கள். வீட்டில் அதே அமைப்பு வேண்டுமென்றால் என்.எச்.எம். ரைட்டரில் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இயந்திரத்து விசைக்கு வேண்டிய அழுத்தம் கணினியில் பழகாது, சுண்டுவிரல் அங்கேதான் உரம் பெறும். தமிழ்99 என்றால் விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். தமிழில் செயலி காட்டும் எண்ணை ஆங்கில எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ‘அக்கா’ கோப்பில் ஐந்து குறியீடு, நீங்கள் அடித்தது நான்கு. ஒரே செயலி, ஒரே அமைப்பில் போன வாரமும் இந்த வாரமும் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

தேர்வர்_சேலம்: விசைப்பலகை கேட்டேனே?

மணி_அரியலூர்: நன்றி அக்கா. ஆங்கிலம் தாள் பார்த்து 33 வந்தது. நிலையத்தில் சேர்ந்துவிட்டேன். அங்கே கணினி விரலைக் கண்டு திட்டுகிறார்கள்.

பழைய_ரெமிங்டன்: நல்லது. எந்த நிலையம்?

கணினி_ஆசிரியர்: தமிழ்99 பழகுகிறீர்களா, விட்டுவிட்டீர்களா?

தேர்வர்_சேலம்: அண்ணா, இருக்கிறீர்களா? நிலையத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு?