கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து எழுதிய இரங்கல் உரை: உங்கள் அனுபவம் என்ன?

மூன்றாமவள்

அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேரும் பேசினோம். அவரவர் எழுதி வந்ததை வயது வரிசையில் வாசிப்பதாக ஏற்பாடு. யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா எழுத்து சொல்லிக்கொடுத்த விதத்தை அண்ணா சொன்னார். தப்பாக எழுதினால் அப்பா அதை அடிக்கமாட்டார், பக்கத்திலேயே சரியாக எழுதிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். அண்ணா சொன்னபோது எல்லோரும் உருகிப்போனார்கள். அடுத்து வந்த அக்காவும் அதையே சொன்னாள். என் தாளிலும் முதல் பத்தி அதுதான்.

மேடையில் நின்றுகொண்டு, வந்துவிட்ட வரிகளைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டே போனேன். கையில் தாள், வாயில் சொல் இல்லை. அதற்குள் நேரமாகிறது என்று கீழேயிருந்து சைகை காட்டினார்கள். இரண்டு வரி பேசிவிட்டு இறங்கினேன்.

கண் மங்கிய பிறகு அப்பாவுக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டியவள் நான்தான். சித்தப்பா எழுதிய பழைய கடிதம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒரு குறிப்பிட்ட வரி வந்ததும், "போதும்மா" என்று நிறுத்திவிடுவார். அது வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாமலே போய்விட்டது. சேர்ந்து ஒரே உரையாக எழுதியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

பிழைதிருத்துபவன்

அம்மாவுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். ஒட்டும் வேலை என் தலையில் விழுந்தது, தொழிலே அதுதான் என்பதால்.

முதலில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: அம்மாவின் குணம் எதையும் எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஆளுக்கு நான்கைந்து சம்பவம் போதும். குணத்தை எழுதச் சொன்னால் நான்கு பேரும் 'அன்பானவர், கடினமாக உழைத்தவர்' என்றுதான் எழுதுவோம். சம்பவம் என்றால் அவரவரிடம் இருப்பது தனியாக வந்துவிடும். இன்னொன்று, எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. முதலில் அனுப்பியவருடையதைப் படித்துவிட்டால் மற்றவர்கள் நினைவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

வந்தவற்றை அம்மாவின் வயதுப்படி அடுக்கினேன். பெரியண்ணனுக்குத் தெரிந்தவள் இருபத்தைந்து வயது அம்மா. கடைசித் தங்கைக்கு நினைவு தெரியும்போது அம்மாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாதி இடங்களில் மோதல் போலத் தெரிந்தது உண்மையில் மோதலே இல்லை, காலம்தான் வேறு. அம்மா பாடவே மாட்டாள் என்று தங்கை எழுதியிருந்தாள். வேலை செய்யும்போதெல்லாம் பாடுவாள் என்று அண்ணன். விசாரித்ததில், பாட்டி இறந்த பிறகுதான் அம்மா பாடுவதை விட்டிருக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நடுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். உரையிலேயே கனமான இடம் அதுதான். தங்கைக்கு அது அன்றுதான் தெரியும்.

ஒரே சம்பவத்தை மூன்று பேர் எழுதியிருந்தால், யாருடையதில் அம்மா பேசிய வார்த்தை அப்படியே இருக்கிறதோ அவரிடம் விட்டோம். மற்ற இருவரும் அதைத் தொடவில்லை. ஆண்டு, இடம் மாதிரியானவற்றுக்குக் கடிதத் தேதி, படத்தின் பின்பக்கக் குறிப்பு, மாமாவின் வாய்மொழி என்று எது கிடைத்ததோ அதைப் பார்த்தோம். எதிலும் கிடைக்காததை 'நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது' என்று மாற்றிவிட்டோம்.

அப்புறம், கடைசி ஒரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் இரண்டாவது தங்கை. அவள் எழுதியது முழுக்க நோய். அதைச் சுருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படியே வைத்தால் உரையில் பாதி மருத்துவமனையாகிவிடும். அவளையே கேட்டேன்: அந்த வருடத்தில் அம்மா அம்மாவாகவே இருந்த ஒரு நாளைச் சொல். உடனே சொல்லிவிட்டாள்.

பெரியக்கா

இவ்வளவு சுற்றுவானேன்? வீட்டில் மூத்தவர் சொல்வதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் பிறந்தபோது தம்பி தங்கைகள் பிறக்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி நாங்கள் சொல்லிக் கேட்டது. எங்கள் உரையில் அம்மா வேலையை விட்டது எந்த வருடம் என்பதில் தம்பி பிடிவாதமாக இருந்தான். அவன் அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தை! அவன் சொன்னபடியே வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் இருந்த அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

இரட்டையரில் ஒருத்தி

பெரியக்கா, தம்பி பிறக்கும் முன் நடந்தவற்றுக்கு நீங்கள் சொல்வது சரி. எல்லோரும் கூடவே இருந்த சம்பவங்களுக்கு அது செல்லாது. மூத்தவருக்கும் நினைவு மாறும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். மழை கொட்டிய ஒரு மாலை, பள்ளியில் கடைசி ஆளாகக் காத்திருந்தபோது அப்பா நனைந்துகொண்டே வந்து அழைத்துப் போனார். சட்டைப்பையில் இருந்த தாளெல்லாம் கூழாகியிருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இதை நான் எழுதினேன். என் இரட்டைச் சகோதரியும் எழுதியிருந்தாள், அதே கூழான தாளுடன். காத்திருந்தது அவள், நான் காய்ச்சலோடு வீட்டில் இருந்தேனாம்! இரண்டு பேருக்கும் துளி சந்தேகம் கிடையாது.

எங்களுக்கு மட்டும் இல்லை இது. மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் மூவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். இரட்டையரிடம் கேட்டால், ஒரே சம்பவத்தை இருவரும் தனக்கு நடந்ததாகச் சொல்கிறார்கள். இரட்டையர் அல்லாத சகோதரர்களிடமும் நண்பர்களிடமும்கூட இது உண்டு என்று கண்டார்கள். எனக்கு அதைப் படித்த பிறகுதான் அவள் மேலிருந்த கோபம் தணிந்தது.

உரையில் இப்படி எழுதினோம்: 'அன்று அப்பா அழைத்து வந்தது எங்களில் யாரை என்பதில் எங்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. நனைந்துகொண்டு வந்தார் என்பதில் வழக்கே இல்லை.' கூட்டத்தில் அதை அவள்தான் வாசித்தாள். 'எங்களில் யாரை' என்று வந்ததும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் விட்டுக்கொடுத்தலா, 'நான்தான்' என்பதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒற்றைப்பிள்ளை

எங்கள் குடும்பத்திலும் இதில் பெரிய மனத்தாங்கல் வந்தது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை, பெரியப்பா பிள்ளைகளோடு சேர்ந்து போட்டோம். பெயர்களை வயதுப்படி போடுவதா, ஆண்கள் முதலிலா என்பதில்தான் தகராறு. வயதுப்படி போட்டுவிடுங்கள், ஒருவரும் கேட்க முடியாது. வெளியூரில் இருப்பவர் பெயரை மறந்துவிடாதீர்கள். பெரியம்மா அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது.

பிழைதிருத்துபவன்

ஒற்றைப்பிள்ளை, நீங்கள் சொல்வது இறப்பு அறிவிப்பு. இங்கே கேட்டிருப்பது கூட்டத்தில் வாசிக்கும் உரையைப் பற்றி. ஆனாலும் வெளியூரில் இருப்பவரை விடக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

தலைமகன்

எனக்கு இன்றும் உறுத்துவது ஒரே ஒரு வரி. 'எங்கள் அப்பா ஒருநாளும் எங்களில் யார்மீதும் கை ஓங்கியதில்லை.' தங்கை எழுதியது. அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கு அது சத்தியம். எனக்கும் தம்பிக்கும் அப்படி இல்லை.

கூட்டத்தில் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் பெயரும் கீழே இருக்கும் உரையில் அந்த வரியை ஏற்க முடியவில்லை. தம்பி என்னிடம் தனியாக, "அண்ணா, அந்த வரி வாசிக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன்" என்றான். தங்கையிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை, அப்புறம் நீண்ட நேரம் பேசவில்லை. போன் தொடர்பில் இருக்கிறாளா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

கடைசியில் அந்த வரியை இரண்டாகப் பிரித்தோம். நான் வாசித்தது: 'எனக்கும் தம்பிக்கும் அப்பா மிகவும் கண்டிப்பானவர். அவரிடம் பயந்துதான் வளர்ந்தோம்.' அவள் வாசித்தது: 'நான் வளர்ந்த காலத்தில் அப்பா குரல் உயர்த்தியதைக் கேட்டதே இல்லை.' அடுத்த வரி மறுபடியும் நான்: 'இந்த இருவருக்கும் இடையில் அப்பா தன்னை மாற்றிக்கொண்டார். எப்படி மாறினார் என்று நாங்கள் கேட்டதில்லை.'

அதற்குப் பிறகு உரை முழுவதையும் ஒருமுறை தேடினோம். 'ஒருநாளும்', 'எப்போதும்', 'யாரையும்', 'நாங்கள் எல்லோரும்' என்று வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, இது எல்லோருக்கும் உண்மையா என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். பாதி இடத்தில் 'நாங்கள்' போய் 'நான்' வந்தது. மோதல் ஒளிந்திருப்பது கதைகளில் இல்லை, இந்த மாதிரி மொத்தமாகச் சொல்லும் வரிகளில்தான்.

கடைக்குட்டி

எங்கள் வீட்டில் நான்தான் வாசித்தேன். நடுவில் குரல் போய்விட்டது. பின்னால் நின்ற அக்கா தாளை வாங்கி, நான் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் வாசிப்பது பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். நிதானமாக வாசித்தால் எங்களுக்கு நிமிடத்துக்கு 90 சொல்தான் வந்தது. பத்து நிமிடம் கொடுத்திருந்தால் 900 சொல் என்று நிரப்பிவிடாதீர்கள். அழுகைக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 700-க்குள் நிறுத்துங்கள். நால்வர் மாறி மாறி வாசிப்பதாக இருந்தால், ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் ஒலிபெருக்கிக்கு வந்து சேரவே நேரம் போகும். ஆகவே ஆளுக்கு ஒரே முறை, அதிகம் போனால் இரண்டு முறை. தலைமகன் அண்ணா செய்தது போல வரிக்கு வரி மாறுவதாக இருந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நில்லுங்கள்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். வாக்கியம் பக்கத்தின் முடிவில் உடையக் கூடாது. பக்க எண் கட்டாயம், கை நடுங்கித் தாள்கள் கீழே விழுந்தால் அடுக்க வேண்டுமே. போனைப் பார்த்து வாசிக்காதீர்கள், திரை அணைந்துவிடும். முழு உரையும் எல்லோர் கையிலும் இருக்கட்டும். எங்கே குரல் உடையும் என்று வாசித்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும், அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய சொந்த நினைவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'அக்கா எழுதியதை நான் வாசிக்கிறேன்' என்று சொன்னால் போதும்.

பெரியக்கா

தலைமகன் தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 'பயந்துதான் வளர்ந்தோம்' என்பதை ஊரார் முன்னால் சொல்லியே ஆக வேண்டுமா? அப்பா பதில் சொல்ல இல்லையே. அந்த வரியை எடுத்துவிட்டு, தங்கையின் வரியையும் எடுத்துவிட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தலைமகன்

அதையும் யோசித்தோம் அக்கா. தம்பி அதற்குத்தான் ஓட்டுப் போட்டான். எடுத்துவிட்டால் அப்பா மாறியதும் சேர்ந்து போய்விடும், எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். தம்பி கடைசியில் சரி என்றான், முழு மனதோடு என்று சொல்லமுடியாது. கூட்டத்தில் எழுந்து போகவில்லை. அவன் இன்றுவரை அந்த உரையின் பிரதியை வாங்கிக்கொள்ளவும் இல்லை.