30 கட்டில் வாட்டுக்கு 15 தாதியர் காணுமோ?

பூவரசு: சுகாதாரக் கொள்கைப் பாடத்துக்குக் கொள்கைச் சுருக்கம் எழுதுறன். 30 கட்டில் மெடிக்கல் வாட், ஒரு தாதிக்கு ஆறு எண்ட 1:6 விகிதம். ஷிப்டுக்கு 5 தாதியர், மூண்டு ஷிப்ட், ஆக ஆளணி 15. இதில வேற என்ன சேர்க்கலாம்?

கணக்கர்: சேர்க்கிறதை விடுங்கோ, முதல் அந்த 15-ஐ வெட்டுங்கோ. ஒரு நாளைக்கு 15 ஷிப்ட், வருசத்துக்கு 5475. அதை 15 பேருக்குப் பிரிச்சால் ஆளுக்கு 365. ஓஃப் இல்லை, லீவு இல்லை, காய்ச்சல் வரக்கூடாது. கிழமைக்கு அஞ்சு நாள் வேலை எண்டால் வருசத்துக்கு 260 நாள். அரச ஊழியருக்கு ஓய்வு லீவு 24, அமய லீவு 21. மிச்சம் 215. 5475-ஐ 215-ஆல பிரியுங்கோ, 25.5 வரும். 26 பேர் வேணும்.

வடலி: அண்ணை, 45 நாள் லீவையும் ஆர் முழுசா எடுக்கிறது? கேட்டாலும் வாட் சிஸ்டர் குடுப்பாவோ? அதோட இங்க நைட் 12 மணித்தியாலம். எட்டு மணி ஷிப்ட் எண்டது வெளிநாட்டுக் கணக்கு.

கணக்கர்: லீவு குடுக்காமல் விடுறதைக் கொள்கையெண்டு எழுதச் சொல்லுறியளோ? சரி, 30 நாள்தான் எடுக்கினம் எண்டு வையுங்கோ. 230 நாள் வேலை, 24 பேர். 15 வரேல்லைப் பாருங்கோ. காலை 6 மணி, பின்னேரம் 6 மணி, நைட் 12 மணி எண்டு மாத்தினாலும் எந்த நேரமும் 5 பேர் நிக்கவேணும், நாளைக்கு 120 மணித்தியாலம். எட்டு மணிப்படி 15 ஷிப்டும் அதே 120 தான். கோடு இடம் மாறும், கூட்டுத்தொகை மாறாது.

வடலி: நைட்டில 1:8 காணும். அவுஸ்திரேலியாவின்ர விக்டோரியா மாநிலத்தில சட்டமே அப்பிடித்தான். நைட்டுக்கு 4 பேர் போட்டால் உங்கட 26 விழுந்திடும்.

கணக்கர்: எட்டு மணி ஷிப்ட் கணக்கில விழுந்து 24-இல நிக்கும். ஆனால் விக்டோரியாவில பெரிய ஆஸ்பத்திரியில காலையில 1:4, அதுக்கு மேல பொறுப்புத் தாதி தனியா. 2015 சட்டத்தில நைட்டை மட்டும் உருவி எடுத்து, பகலுக்குக் கலிபோர்னியாவின்ர பழைய 1:6-ஐ ஒட்டுறியள். அங்கயும் 2005-இல அது 1:5 ஆகீட்டுது, இரவு பகல் பேதமில்லை. தாதி சாப்பிடப் போனாலும் அவவின்ர நோயாளியளை இன்னொராள் பொறுப்பெடுக்கவேணும், அப்பவும் விகிதம் குழம்பக்கூடாது.

மிளகாய்த்தூள்: எங்கட அப்பாவைத் தனியாரில வச்சிருக்கேக்க ஒரு மிஸ்ஸிக்கு ரெண்டு பேர்தான். காசு கட்டினால் எல்லாம் நடக்கும். இதுக்கேன் கொள்கை?

கணக்கர்: அது ஐசியூவா இருக்கும். இங்க கதை மெடிக்கல் வாட்.

மிளகாய்த்தூள்: ஐசியூ எண்டு நான் சொன்னனானோ?

வெள்ளைத்தொப்பி: ரெண்டு பேரும் கட்டிலை எண்ணுறியள். காஷுவல்ட்டி நாளில 30 கட்டில் வாட்டில 44 பேர் கிடப்பினம், நிலத்திலயும் பாய். 44-க்கு 1:6 எண்டால் ஷிப்டுக்கு 8 பேர். விகிதம் கட்டிலுக்கோ நோயாளிக்கோ எண்டு எழுதாட்டி, "30 கட்டில், 5 பேர், சட்டப்படி சரி" எண்டு நிர்வாகம் கையெழுத்துப் போடும். நோயாளிக்கு எண்டு எழுதினாலும் நடுச்சாமத் தொகையை எடுக்கவேண்டாம். காலமை பத்துப் பேர் வீட்டை போய்ப் பின்னேரம் பத்துப் பேர் வந்தால் அந்தத் தொகை அசையாது. பத்து அட்மிஷனும் பத்து டிஸ்சார்ஜ் துண்டும் அதில தெரியாது. ஷிப்ட் தொடங்கேக்கயும் ஷிப்ட் நடுவிலயும் எண்ணவேணும்.

கணக்கர்: அது அடுத்த பக்கம். முதல் 15-ஐ முடிப்பம்.

வெள்ளைத்தொப்பி: உங்களுக்கு எப்பவும் உங்கட பக்கம்தான் முதல் பக்கம். போன மாசம் டயலிசிஸ் இழையிலயும் இதேதான். அந்த 5 பேரில வாட் சிஸ்டர் இருக்கிறாவோ இல்லையோ எண்டுகூட இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை. ரவுண்டில டொக்டருக்குப் பின்னால நடந்து, மருந்து இண்டென்ட் எழுதி, டியூட்டி லிஸ்ட் போடுறவவை நோயாளி பாக்கிற ஆளா எண்ணினால் 5 எண்டது உண்மையில 4.

வடலி: சிஸ்டரும் தாதிதானே? கம்பஸ்காரருக்கு மட்டும் அது விளங்காது.

வெள்ளைத்தொப்பி: நான் நேர்சிங் ஸ்கூல். டிப்ளோமா. தேவையெண்டால் வருசமும் சொல்லுறன்.

வடலி: ஓவர்டைம் எண்டு ஒண்டு இருக்கு. 18 பேரை வச்சு மிச்சத்தை ஓடியில ஓட்டலாம்.

கணக்கர்: ஓட்டலாம். 18 பேர் 215 நாள் எண்டால் 3870 ஷிப்ட். மிச்சம் 1605, ஆளுக்கு வருசத்துக்கு 89 மேலதிக ஷிப்ட். நாலு நாளுக்கு ஒண்டு. விகிதம் கடுதாசியில 1:6, வாட்டில நிக்கிறது நித்திரை இல்லாத 1:6. 26 தான்.

வடலி: 24 எண்டு நீங்களே சொன்னியள்.

கணக்கர்: உங்கட லீவுக் கணக்குக்கு 24. என்ர கணக்குக்கு 26.

பூவரசு: அப்ப நான் 15-ஐ "ஒரு நாளுக்குரிய ஷிப்ட்" எண்டு மாத்திப்போட்டு ஆளணி 26 எண்டு போடட்டோ? சிஸ்டரைச் சேர்த்தோ சேர்க்காமலோ?

வெள்ளைத்தொப்பி: சேர்க்காமல். 27.

கணக்கர்: 26.

மிளகாய்த்தூள்: ஐசியூ இல்லை, சாதாரண வாட். இப்பத்தான் அம்மாவிட்டைக் கேட்டனான்.