அப்ஸ்ட்ரீம் போர்ட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

சரஸ்வதி, சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் தோட்டத்து டியூஷன் நிலையத்தில் விசைப்பலகை, வெப்கேம், வன்வட்டு மூன்றையும் திரையின் பின்னால் உள்ள யூஎஸ்பி ஹப்பில் செருகிவிட்டோம். அங்கிருந்து மடிக்கணினிக்கு ஒரே கேபிள்தான். பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். கணினியோடு சேரும் துளைக்கு ‘மேலோடைத் துளை’ என்று போடலாமா?

முனியாண்டி:
எச்டிஎம்ஐ கேபிள்தான் ஏற்கெனவே போகிறதே, ஆசிரியை. அதற்கு ஏன் புதுப் பெயர்?

இளங்கோ:
அது வேறு, ஐயா. எச்டிஎம்ஐயில் படமும் ஒலியும் போகும், யூஎஸ்பி தரவு போகாது. பழைய திரைகளில் சதுரமான பி வகைத் துளை ஒன்று இருக்கும். அதைக் கணினியோடு இணைக்காவிட்டால், சில திரைகளில் விசைப்பலகை விளக்கு மட்டும் எரியும், ஒரு எழுத்தும் விழாது. பலர் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான்.

‘ஓடை’ எனக்கு ஒப்பவில்லை. தரவு இரு பக்கமும் போகிறது. டைப்-சி திரையானால் மின்சாரம் திரையிலிருந்து மடிக்கணினிக்கு வருகிறது. எது மேல், எது கீழ்? ‘கணினிமுகத் துளை’, ‘கருவிமுகத் துளை’ என்றால் எதை எதில் செருகுவது என்பது பெயரிலேயே தெரியும்.

கவிதா:
டைப்-சி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை, அண்ணே. படம், தரவு, சார்ஜ் எல்லாம் ஒரே கேபிளில், முழு வேகத்தில்.

இளங்கோ:
ஒரே கேபிள் சரி, முழு வேகம் எப்போதும் இல்லை. பல 4கே திரைகள் 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது கேபிளின் அதிவேகத் தடங்கள் நான்கையும் படமே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பிக்கு மிஞ்சுவது 2.0 கம்பிகள்தான். லினக்ஸில் பாருங்கள்:

```
lsusb -t
```

வன்வட்டு வரியின் கடைசியில் 5000M வர வேண்டிய இடத்தில் 480M, அதாவது நொடிக்கு 480 மெகாபிட், என்று நின்றால் இதுதான் காரணமாக இருக்கலாம். பி வகைத் துளையில் பழைய 2.0 கேபிளைப் போட்டாலும் இதே 480M தான். விசைப்பலகைக்கு அது தாராளம். ஆனால் 20 ஜிபி பாடக் காணொளியை நகலெடுக்க ஒன்பது நிமிடம் போல ஆகும், வெப்கேமும் ஓடினால் இன்னும் இழுக்கும். சில திரைகளின் மெனுப் பட்டியலில் தரவு வேகத்துக்கு முன்னுரிமை தரும் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, சுட்டி இழுபடும். நானாக இருந்தால் வன்வட்டை மட்டும் நேரே மடிக்கணினியில் செருகிவிடுவேன்.

முனியாண்டி:
எனக்கு வேறு கூத்து. திரை தூங்கினால் வன்வட்டும் காணாமல் போகிறது, பாதி நகல் அப்படியே நிற்கிறது.

இளங்கோ:
திரை தூங்கும்போது ஹப்புக்கும் மின்சாரம் நிற்கிறது. காத்திருப்பிலும் யூஎஸ்பி இயங்கட்டும் என்ற அமைப்பு திரைப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், நகல் முடியும்வரை திரையைத் தூங்க விடாதீர்கள்.

கவிதா:
என் திரையில் கணினி இரண்டு, கணினிமுகத் துளையும் இரண்டு. பொத்தானை அழுத்தினால் விசைப்பலகை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும். இப்போது எந்தத் துளை வேலையில் இருக்கிறது என்பதற்கு என்ன சொல்?

சரஸ்வதி:
‘கணினிமுகத் துளை’யைக் குறிப்பில் எழுதிவிட்டேன். கவிதாவின் கேள்விக்கு ‘நடப்புத் துளை’ சரிவருமா?

இளங்கோ:
‘நடப்பு’ கணக்குப் புத்தக வாடை அடிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.