4 வயதுப் பையனின் தட்டைப் பாதம்: இன்சோல் தேவையா?

வணக்கம். திருவையாறு பக்கத்துப் பையன், வயது 4. ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றால் பாதம் முழுசாகப் பதிகிறது. பின்னாலிருந்து எடுத்த படத்தில் இரு குதிகாலும் லேசாக வெளியே சாய்ந்திருக்கின்றன. நுனிக்காலில் நின்றாலோ வளைவு எழும்புகிறது, குதிகாலும் உள்ளே திரும்புகிறது. வலியில்லை, வரப்பில் நன்றாக ஓடுகிறான்.

இந்த வயதில் வளைவுக்கடியில் கொழுப்புத் திண்டு இருக்கும், தசைநார்களும் தளர்வாகவே இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 10 வயதுக்குள் வளைவு தெரிய ஆரம்பிக்கும். அதனால் தடத்தை மட்டும் பார்த்து இன்சோல் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரே சந்தேகம்: முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேலே மடக்கினால் வலது கால் சீக்கிரமே நின்றுவிடுகிறது. குதிகால் தசைநார் இறுக்கமோ? குதிகால் வெளியே நழுவாமல் நேராகப் பிடித்து அளந்து பார்க்க, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் யாராவது உண்டா?