உரிப்பொருளை 'மனநிலை' என்று எழுதலாமா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். மொரிஷியஸ் மேல்வகுப்பு மாணவர்களுக்கான குறுந்தொகைத் துணைநூலில், ஒவ்வொரு பாட்டின் கீழும் திணையையும் அதற்குரிய காதல் நிலையான உரிப்பொருளையும் தருகிறோம். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று இரண்டாவது கட்டத்துக்கு 'மனநிலை' எனத் தலைப்பிட்டேன். 8ஆம் பாட்டில் அது இடறுகிறது. கழனியருகே மாமரத்திலிருந்து உதிரும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்த தலைவன், எங்கள் வீட்டில் பெருமை பேசிவிட்டு, தன் வீட்டில், நாம் கைகால் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப்போல, மகனைப் பெற்றவள் விரும்பியதைச் செய்கிறான் என்கிறாள் பரத்தை. அந்தக் கட்டத்தில் ஏளனம் என்று எழுதுவதா, ஊடல் என்றா?

போர்ட் லூயியிலிருந்து:
அம்மா, ஊடுபவள் தலைவி. பரத்தை பேசும் பாட்டை ஊடலில் சேர்ப்பது பொருந்தாது. தலைப்புக்கு 'மெய்ப்பாடு' என்ற பழஞ்சொல்லே போதும்.

கியூர்பிப்பிலிருந்து:
ஐயா சொல்வதில் பாதி சரி: பேசுபவள் தலைவி அல்லள். ஆனால் தொல்காப்பியம் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்தைச் சொன்னதோடு நிற்காமல் 'இவற்றின் நிமித்தம்' என்றும் சேர்த்திருக்கிறது. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேட்ட பரத்தை, அவளுடைய தோழியர் காதில் விழும்படி சொன்னது இது. தலைவியின் ஊடலைச் சுற்றியே பேச்சு நடப்பதால் உரிப்பொருள் ஊடல்தான், கழனியும் வாளையும் மருதத்தைக் காட்டுகின்றன. உரிப்பொருள் என்பது காதல் வாழ்வில் நிகழும் நிலை, பேசுபவரின் உணர்ச்சி அன்று. 21ஆம் பாட்டில் கொன்றை பூத்த காடே 'கார் வந்துவிட்டது' என்று சொன்னாலும், 'அவர் பொய் சொல்லமாட்டார், நான் நம்பமாட்டேன்' என்கிறாள் தலைவி. உரிப்பொருள் முல்லைக்குரிய இருத்தல். அவள் உள்ளத்தில் இருப்பதோ அசையாத உறுதி. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் பிள்ளைகள் மருதம் என்றாலே கோபம், முல்லை என்றாலே சோகம் என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆகவே 'உரிப்பொருள்' அப்படியே இருக்கட்டும்; பேசுபவரின் உணர்ச்சிக்குத் தனியாக 'கூற்றுணர்வு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். தலைவி கூற்று, தோழி கூற்று என்று படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

மாஹேபூரிலிருந்து:
நான் வேறொன்று சொல்லவேண்டும். கார்காலம் ஆவணி, புரட்டாசி என்று வகுப்பில் சொன்னபோது, அந்த மாதங்களில் இங்கே குளிராயிற்றே, மழை டிசம்பருக்குப் பிறகுதானே என்று ஒரு மாணவி கேட்டாள். மாதப் பெயரை நீக்கிவிட்டு, 'முதல் மழை, தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம்' என்று எழுதினால் நன்று.

போர்ட் லூயியிலிருந்து:
நிமித்தத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை, ஏற்கிறேன். ஆயினும் வெகுளி, பெருமிதம் முதலிய எட்டு மெய்ப்பாடுகளும் ஏற்கெனவே இருக்கையில் 'கூற்றுணர்வு' எதற்கு?

கியூர்பிப்பிலிருந்து:
பிறர் கண்டு உணரும்படி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு. பரத்தையின் ஏளனத்தை நகையில் வைப்பீர்களா, வெகுளியிலா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
'உரிப்பொருள்' உறுதி, 8இன் கீழ் ஊடல் என்று எழுதிவிட்டேன். மாதப் பெயர்களையும் நீக்கிவிட்டேன். மூன்றாவது கட்டத்தின் தலைப்பை இப்போதைக்கு வெற்றிடமாக விட்டு, இரு சொற்களையும் 10 பாட்டுகளில் பொருத்திப் பார்த்து எழுதுகிறேன்.