இரண்டு டீமை ஒன்றாக்கினால் யாருடைய வழக்கத்தை வைப்பது?

புதுப்பொறுப்பு:
ஆறு பேர் டீம் ஒன்றையும் ஐந்து பேர் டீம் ஒன்றையும் சேர்த்து என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் டீம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ரிலீஸ் செய்யும். எந்த மாற்றமானாலும் இரண்டு பேர் படித்து அப்ரூவல் தர வேண்டும், கடைசியில் ஒரு செக்லிஸ்ட். இரண்டாவது டீம் இருவர் இருவராக உட்கார்ந்து கோட் எழுதி அன்றைக்கே டெப்லாய் செய்துவிடும். அடுத்த மாதத்திலிருந்து ஒரே முறை வேண்டும் என்கிறார் மேனேஜர். இரண்டிலும் நல்லது இருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?

ஒரேவழி:
ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் 'இரண்டிலும் நல்லதை எடுப்போம்' என்று ஆரம்பித்தோம். யாருக்கும் தன் வழக்கத்தை விட மனமில்லை. கடைசியில் ஜோடியாகவும் எழுத வேண்டும், அதன் மேல் இரண்டு அப்ரூவலும் வேண்டும் என்று முடிந்தது. அரை நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. தினமும் டெப்லாய் செய்வதையே எல்லோருக்கும் வையுங்கள். தவறாகப் போனால் `git revert` இருக்கிறது.

பழுதுபார்ப்பவர்:
நல்லதை எல்லாம் கூட்டினால் பாரம்தான் கூடும் என்பது சரி. ஆனால் `git revert` கோடைத்தான் திருப்பும். டேபிளிலிருந்து ஒரு நெடுவரிசையை நீக்கிவிட்டால் அதிலிருந்த டேட்டா திரும்பாது, பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

புதுப்பொறுப்பு, எந்த டீமின் முறை என்று கேட்பதை விட்டுவிட்டு மாற்றத்தைப் பாருங்கள். ஒரு மாற்றத்தைச் சில நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் இரண்டாவது டீமின் வழி: ஜோடியாக எழுதி, அன்றைக்கே டெப்லாய். முடியாது என்றால் முதல் டீமின் வழி: இரண்டு அப்ரூவல், செக்லிஸ்ட், குறித்த நாளில் ரிலீஸ். டேபிளின் அமைப்பை மாற்றுவது, வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது, கணக்கிலிருந்து பணம் எடுப்பது எல்லாம் திருப்ப முடியாத வகை. எழுதியவர் எந்த டீமிலிருந்து வந்தார் என்ற பேச்சே எழாது.

ஜன்னலோரம்:
எங்கள் ஆபீஸிலும் இப்படிச் சேர்த்தார்கள். இரண்டு லீட் இருந்தோம், ஒருவருக்குத்தான் நாற்காலி. எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் யார் லீட் என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக அடங்கும்.

புதுப்பொறுப்பு:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் இங்கே லீட் நான்தான், அதில் குழப்பம் இல்லை. பழுதுபார்ப்பவர், அந்த செக்லிஸ்டில் 14 வரி இருக்கிறது. இரண்டாவது டீம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

பழுதுபார்ப்பவர்:
இல்லை. எங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு டீமையும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் 'எந்த விபத்துக்குப் பிறகு இது வந்தது?' என்று மட்டும் கேட்டோம். சில வரிகளை டெஸ்ட்களே பார்த்துக்கொண்டிருந்தன. சில வரிகள் எப்போதோ நிறுத்திவிட்ட சர்வரைப் பற்றியவை. அவற்றை அங்கேயே அடித்துவிட்டோம்.

'ரிலீஸுக்கு முன்னும் பின்னும் டேபிளில் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையைக் குறி' என்று ஒரு வரி. ஏன் என்று யாருக்கும் நினைவில்லை, அதையும் எடுத்துவிட்டோம். மூன்றாவது வாரம் ஒரு டேபிளைப் புது அமைப்புக்கு மாற்றியபோது, தேதி காலியாக இருந்த வரிசைகளை ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. எர்ரர் எதுவும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய ஆர்டரைக் காணோம் என்று எழுதிய பிறகுதான் தெரிந்தது. அந்த வரியை முதலில் எழுதியவர் டீமை விட்டுப் போய் வெகுநாள். அவரைத் தேடி ஒரு போன் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: காரணம் செத்துவிட்டது என்று தெரிந்த வரியை நீக்கலாம். காரணம் தெரியாத வரி ஆறு வாரம் இருக்கட்டும், அதற்குள் யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கை வரியை இப்போது ஸ்கிரிப்டே செய்கிறது. செக்லிஸ்டில் அது இல்லை, வழக்கம் மட்டும் இருக்கிறது.

ஒரேவழி:
சரி, `git revert` விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். ஆனால் இரண்டு அப்ரூவலை இவ்வளவு உயர்த்திப் பேச வேண்டாம். 900 வரி மாற்றத்துக்கு மூன்று நிமிடத்தில் 'சரியாக இருக்கிறது' என்று `LGTM` போட்டுவிட்டுப் போவதை நான் பார்க்காத நாளில்லை. இரண்டு பேர் பொறுப்பு என்றால் 'இன்னொருவர் படித்திருப்பார்' என்று இருவருமே விட்டுவிடுவார்கள். ஜோடியாக எழுதும்போது ஒருவராவது ஒவ்வொரு வரியையும் பார்க்கிறார். அதையே ஓர் அப்ரூவலாகக் கணக்கில் வையுங்கள்.

பழுதுபார்ப்பவர்:
ஓர் அப்ரூவலாக வைக்கலாம், இரண்டாக வேண்டாம். ஜோடியாக எழுதுபவர்கள் ஒரே யோசனையில் சேர்ந்து போகிறவர்கள், அதனால் ஒருவர் தவறவிட்டதை மற்றவரும் தவறவிட வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்தான் 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்பார். இன்னொன்று, ஜோடியாகப் பேசி முடித்தது எங்கேயும் பதிவாவதில்லை. ஆறு மாதம் கழித்துக் காரணம் தேடினால் இருவரின் நினைவுதான் ஆவணம்.

ஒரேவழி:
அதற்கு கமிட் மெசேஜில் நான்கு வரி எழுதினால் போதும். வெளியாள் ரிவ்யூவுக்காக இரண்டு நாள் காத்திருந்தால் இரண்டாவது டீமின் வேகம் முழுவதும் போய்விடும். இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ராக்கோழி:
இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் எழுந்திருப்பது என்று யாரும் கேட்கவில்லையே? தினமும் டெப்லாய் செய்கிற டீமில் எழுதியவரே ஆன்-காலில் இருப்பார், அந்தப் பயத்தில்தான் கவனமாக எழுதுவார்கள். மற்ற டீம் ரிலீஸ் நாளன்று மட்டும் விழித்திருக்கும். இப்போது 11 பேரையும் ஒரே ஆன்-கால் பட்டியலில் போட்டால், தான் எழுதாத கோடுக்காகத் தூக்கம் கெடுகிறவர் முதல் வாரத்திலேயே கோபப்படுவார். எங்களிடம் ஒரு டீமுக்கு இரவு அழைப்புக்கு மாற்று விடுப்பு உண்டு, இன்னொரு டீமுக்கு 'நட்புக்காக' மட்டும். சண்டை அங்கேதான் வெடித்தது.

பழுதுபார்ப்பவர்:
ராக்கோழி சொன்னது முதல் நாளே தீர்க்க வேண்டியது. ரிவ்யூ, செக்லிஸ்ட் எல்லாம் ஆறு வாரம் தனித்தனியாக ஓடினாலும் பரவாயில்லை. இரவில் யாரை எழுப்புவது என்பதில் இரண்டு பதில் இருக்கக் கூடாது. முதல் மாதம் டீமுக்கு ஒருவராக இருவரைப் போடுங்கள், தனியாக யாரையும் விடாதீர்கள்.

அப்புறம், டீம்கள் உண்மையாகவே சேர்கின்றனவா என்று பார்க்க மீட்டிங்கில் காது கொடுக்க வேண்டாம். கடைசி 40 மாற்றங்களை எடுத்து, எழுதியவர் யார், படித்தவர் யார் என்று எண்ணுங்கள். ஆறு பேருக்குள் 15 ஜோடி, ஐந்து பேருக்குள் 10. 11 பேர் என்றால் 55. புதிதாக வந்த 30 ஜோடியும் டீம் தாண்டிய ஜோடிகள். எல்லோரும் பழைய ஆளிடமே ரிவ்யூ கேட்டால் அந்த முப்பது வெறும் காகிதத்தில்தான். எங்களுக்கு முதல் மாதம் 40-ல் 6 மட்டுமே டீம் தாண்டியது.

ஜன்னலோரம்:
அந்த ஆறையும் யாராவது வற்புறுத்திச் செய்ததா?

பழுதுபார்ப்பவர்:
அந்த ஆறில் நான்கு, ஆன்-கால் ஜோடிகளிடமிருந்து வந்தவை. இரவில் ஒன்றாக அல்லாடியவர்கள் பகலில் தயங்காமல் கேட்டார்கள்.

புதுப்பொறுப்பு:
மேனேஜரிடம் பேசினேன். மாற்றத்தின் வகையைப் பார்த்து வழி பிரிப்பதற்குச் சரி என்றார், ஆறு வாரமும் தந்தார். திங்கட்கிழமை செக்லிஸ்டோடு உட்காருகிறோம், அதில் ஐந்தாவது வரியை எழுதியவரின் நம்பர் கிடைத்துவிட்டது. இரவு மாற்று விடுப்பைப் பற்றிக் கேட்டால் 'அது எச்.ஆர். பேச வேண்டியது' என்கிறார். ராக்கோழி, உங்கள் ஆபீஸில் அதை எப்படி எழுதி வாங்கினீர்கள்?

ராக்கோழி:
இன்னும் வாங்கவில்லை.